வாய்ஸ் டைப்பிங் தப்பு: மறுபடி பேசறதா, கையால திருத்தறதா, செக்கர்ல போடறதா?

அக்காவுக்கு நான் பேசியே அனுப்பின ஒரு மெசேஜ், ஸ்க்ரீன்ல எப்படி விழுந்துச்சோ அப்படியே போடறேன்:

"அக்கா அப்பாவுக்கு கால்ல வழி இன்னும் குறைய ல டாக்டர் புது மாத்திரை எழுதி கொடுத்து இருக்காரு ஒரு நாளைக்கு ஒருவேளை போதும் நீ வர்ற வலியில வாங்கிட்டு வந்துடு அரை சாவி ஆனியில மாட்டி இருக்கு"

நான் வாயால சொன்னது என்னன்னா, கால்ல வலி இன்னும் குறையல, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், நீ வர்ற வழியில வாங்கிட்டு வந்துடு, அறை சாவி ஆணியில மாட்டியிருக்கு. அவசரத்துல படிக்காம அனுப்பிட்டேன். அக்கா உடனே ஃபோன் பண்ணி "ஒருவேளை போதும்னா என்னடா அர்த்தம், டாக்டரே சந்தேகமாதான் சொன்னாரா"ன்னு கேட்டா. மத்த தப்பெல்லாம் அவளே புரிஞ்சுக்கிட்டா, இது ஒண்ணு மட்டும் புரியல, ஆனா மருந்து விஷயத்துல புரிஞ்சே ஆகவேண்டியது இதுதான். அதுக்கப்புறம்தான் இந்தத் தப்புகளை எப்படித் திருத்தறது நல்லதுன்னு ஒவ்வொரு வழியா ஒழுங்கா பண்ணிப் பார்த்தேன். அதைத்தான் எழுதறேன்.

முதல்ல இந்த மெசேஜ்ல இருக்கற தப்புகளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வலி வழியாச்சு, வழி வலியாச்சு, அறை அரையாச்சு, ஆணி ஆனி மாசமாச்சு. இந்த நாலும் எழுத்துத் தப்பு. "குறையல" உடைஞ்சு "குறைய ல" ஆச்சு, "ஒரு வேளை" ஒட்டி "ஒருவேளை" ஆச்சு, இது ரெண்டும் சேர்த்தல் பிரித்தல் தப்பு. "கொடுத்து இருக்காரு", "மாட்டி இருக்கு" இதெல்லாம் பிரிஞ்சுதான் வந்திருக்கு, ஆனா படிக்கறவங்களுக்கு ஒரு குழப்பமும் இல்ல, "எழுதி கொடுத்து"ல க் விட்டுப்போனதும் அப்படித்தான், வீட்டு மெசேஜ்ல இதையெல்லாம் நான் தொடறதே இல்ல.

இங்க கவனிக்கவேண்டியது, அந்த நாலு எழுத்துத் தப்புல ஒண்ணுகூட இல்லாத வார்த்தை கிடையாது. வழி, வலி, அரை, ஆனி எல்லாமே தமிழ்ல இருக்கற நல்ல வார்த்தைதான், இடம்தான் தப்பு. ஒருவேளையும் அப்படித்தான், அகராதியிலயே இருக்கு. மெஷின் காதால கேட்டு, பக்கத்து வார்த்தைகளைப் பார்த்து, எது வரும்னு ஊகிச்சு எழுதுது, அதனால அது போடற வார்த்தை பெரும்பாலும் உருப்படியான வார்த்தையாவே இருக்கும். நாம கீபோர்டுல அடிக்கும்போது வர்ற தப்பு வேற ரகம், விரல் நழுவி "மாத்திர்ரை"ன்னு விழும், அது கண்ணுல குத்தும். பேசி வர்ற தப்பு கண்ணுல குத்தாது, வழவழன்னு ஓடிப்போயிடும். எந்த வழியில திருத்தறதுன்னு முடிவு பண்றதுக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் அடிப்படை.

முதல் வழி, தப்பான இடத்தை மட்டும் செலக்ட் பண்ணி மறுபடி பேசறது. நிறைய பேர் பண்றது இதுதான், பண்றவிதம்தான் சரியில்ல. தப்பா வந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டு "அறை"ன்னு தனியா அழுத்திச் சொல்லுவோம், அது மறுபடியும் "அரை"ன்னு போடும், இன்னும் சத்தமா சொல்லுவோம், மறுபடியும் அரை. இதுல மெஷினைக் குத்தம் சொல்லி புண்ணியம் இல்ல, ஏன்னா இன்னிக்கு நம்மள்ல பெரும்பாலானவங்க பேச்சுல தனியா வர்ற ர-வும் ற-வும் ஒரே சத்தம்தான். ற்ற, ன்ற இப்படி சேர்ந்து வரும்போதுதான் ற தனியா தெரியும், வெற்றி, கன்று மாதிரி இடத்துல குழப்பம் வராது. அரை, அறை ரெண்டையும் நீங்க எவ்வளவு கத்திச் சொன்னாலும் காதுக்கு ஒண்ணுதான். ழ-வுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை, நாக்கை நல்லா மடிச்சு சொல்றவங்களுக்கு வழி வழியாவே விழும், ஆனா பேச்சுல ழ-வை ள மாதிரி சொல்றவங்க எத்தனையோ பேர், அவங்களுக்கு வழியும் வளியும் ஒண்ணாத்தான் போகும். ண, ன ரெண்டும் நிதானமா சொன்னா பிரியும், வேகத்துல ஒட்டிக்கும்.

அதனால மறுபடி பேசறதுன்னா தனி வார்த்தையா பேசக்கூடாது, துணைக்கு இன்னொரு வார்த்தையைக் கூட்டிக்கிட்டுப் பேசணும். "அறை"ன்னு சொல்லாம "படுக்கை அறை சாவி"ன்னு சொன்னேன், முதல் தடவையே சரியா விழுந்துச்சு, அப்புறம் படுக்கையை மட்டும் அழிச்சிட்டேன். "ஆணியில"ன்னு தனியா சொன்னா ஆனி மாசம் வந்துடும், "சுவத்துல அடிச்ச ஆணியில"ன்னு சொன்னா ஆணி வரும். பக்கத்துல என்ன வார்த்தை இருக்குன்னு பார்த்துதானே அது ஊகிக்குது, அந்த ஊகத்துக்கு நாமளே தீனி போடறோம், அவ்வளவுதான். இதோட குறை என்னன்னா, செலக்ட் பண்ணி, மைக்கைத் தட்டி, பேசி, வந்ததைப் பார்த்து, கூட வந்த வார்த்தையை அழிக்கணும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு வேலைன்னா நாலு எழுத்துக்கு இருபது வேலை. அதனால எழுத்துத் தப்புக்கு இதை நான் சிபாரிசு பண்ணமாட்டேன். பாதி வாக்கியமே கோணலா விழுந்திருந்தா மட்டும் மறுபடி பேசறதுதான் வேகம், அப்போ எழுத்து எழுத்தா திருத்த உக்காந்தா விடியாது.

ரெண்டாவது வழி, கையால திருத்தறது. நாலு எழுத்துன்னா இதுதான் சீக்கிரம், ஆனா தமிழ்ல கர்சர் நகர்றது எப்படின்னு தெரிஞ்சிருக்கணும். "வழி"யை "வலி" ஆக்கணும்னா ழி-க்குப் பின்னாடி கர்சரை வைச்சு ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்க, பல கீபோர்டுல மேல இருக்கற இகரக் குறி மட்டும் போய் "வழ"ன்னு நிக்கும், இன்னொரு தடவை தட்டினாதான் ழ போகும், அப்புறம் லி அடிக்கணும். ஒரு தட்டுல போயிடுச்சுன்னு நினைச்சு லி அடிச்சா "வழலி"ன்னு ஆயிடும், திருத்தப் போய் புதுசா ஒரு தப்பு. காரணம், நமக்கு ழி ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்குள்ள அது ழ ஒண்ணு, இகரக் குறி ஒண்ணுன்னு ரெண்டா இருக்கு. புள்ளி வைச்ச எழுத்தும் அதே கதைதான், பள்ளின்னு வரவேண்டியது பல்லின்னு வந்துட்டா ல, புள்ளி, ல, இகரக் குறின்னு நாலு தட்டு தட்டினாதான் "ப" மட்டும் மிஞ்சும். நடுவுல கர்சரை நுழைக்கப் போராடாம, இந்த மாதிரி குட்டி வார்த்தைன்னா ரெண்டு தடவை தட்டி முழு வார்த்தையையும் செலக்ட் பண்ணி புதுசா அடிச்சிடறது நல்லது. பெரிய வார்த்தைன்னா விரலால குறிபார்த்து வைக்கறதைவிட, சில கீபோர்டுல ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சு இழுத்தா கர்சர் ஒவ்வொரு எழுத்தா நகரும், உங்க கீபோர்டுல அது இருக்கான்னு ஒரு தடவை பார்த்து வைச்சுக்குங்க.

கையால திருத்தறதுல உண்மையான கஷ்டம் தப்பைக் கண்டுபிடிக்கறதுதான். நாம சொன்னதை நாமளே படிச்சா மனசுல இருக்கறதைத்தான் கண்ணு படிக்கும். வாய்விட்டுப் படிச்சுப் பார்ப்போமேன்னா அதுவும் உதவாது, வலியும் வழியும் என் வாயில கிட்டத்தட்ட ஒண்ணுன்னுதானே தப்பே வந்துச்சு, அதே வாயை வைச்சு எப்படிக் கண்டுபிடிக்கறது. காதால வந்த தப்பைக் கண்ணாலதான் பிடிக்கணும். நான் பண்றது, மெசேஜை ஒழுங்கா ஒரு தடவை படிக்கறதுக்கு பதிலா ல ள ழ, ர ற, ன ண வர்ற வார்த்தையில மட்டும் கண்ணை நிறுத்தி, இதுக்கு ஜோடி வார்த்தை இருக்கான்னு கேட்டுக்கறது. மாத்திரைக்கு ஜோடி கிடையாது, தாண்டிப் போயிடலாம். வலிக்கு உண்டு, நில்லு. பனிக்கு பணி உண்டு, கரைக்கு கறை உண்டு, ஒலிக்கு ஒளி, ஒழின்னு ரெண்டு உண்டு, மனத்துக்கு மணம் உண்டு, இரைக்கு இறை உண்டு. கொஞ்ச நாள்லயே உங்களுக்கு அடிக்கடி வர்ற ஜோடி எது எதுன்னு தெரிஞ்சிடும், ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் ஒரு பத்து இருபதுதான் இருக்கும். ஃபோனே படிச்சுக் காட்டற வசதியை நான் எழுத்துத் தப்புக்கு நம்பறதில்ல, ஆனா விட்டுப்போன வார்த்தையும் தப்பா உடைஞ்ச இடமும் அதுல பளிச்சுன்னு கேட்கும், "குறைய... ல"ன்னு அது திக்கும்போது தெரிஞ்சிடும்.

மூணாவது வழி, எழுத்துப்பிழை செக்கர்ல போடறது. நீச்சல்காரன் உருவாக்கின வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் இருக்கு, ரெண்டுமே இணையத்துல பயன்படுத்தலாம். ஆனா பேசி அனுப்பற வீட்டு மெசேஜுக்கு செக்கர் சரியான ஆயுதம் இல்ல, அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு நான் முன்னாடி சொன்னது, வழி, அரை, ஆனி எல்லாம் அகராதியில இருக்கற வார்த்தை, வார்த்தையை மட்டும் பார்க்கற செக்கர் அதைத் தாண்டித்தான் போகும். என் மெசேஜ்ல இருந்த முக்கியமான அஞ்சு தப்புல, அதாவது நாலு எழுத்தும் அந்த ஒருவேளையும், இப்படிப்பட்ட செக்கருக்கு எதுவுமே தப்பாத் தெரியாது. ரெண்டாவது காரணம் அதுக்கு நேர் எதிர், நாம சரியா சொன்ன "குறையல", "வாங்கிட்டு", "வந்துடு" இதெல்லாம் பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழுக்குன்னு செஞ்ச செக்கர் இதையெல்லாம் தப்புன்னு காட்டும். சரியானதுக்கெல்லாம் சிவப்புக்கோடு, தப்பானதுக்கு ஒரு கோடும் இல்லன்னா அதைப் பார்த்துத் திருத்தறவங்க இன்னும் குழம்பித்தான் போவாங்க.

எழுத்துத்தமிழ்ல பேசிப் பதிஞ்ச நீளமான கடிதம், விண்ணப்பம், கட்டுரை மாதிரி விஷயம்னா செக்கரை விடக்கூடாது. அங்க விட்டுப்போன க் ச் த் ப் நிறைய இருக்கும், வாய்ஸ் டைப்பிங் அதை அடிக்கடி விட்டுடும், நாவி மாதிரி ஒண்ணு இல்லாம கண்ணால மட்டும் தேடினா பாதி தப்பிச்சிடும். தப்பா ஒட்டிக்கிட்ட வார்த்தையையும் செக்கர் ஓரளவுக்குப் பிடிக்கும், ஏன்னா ரெண்டு வார்த்தை ஒட்டினா அது அகராதியில இல்லாத வார்த்தையா ஆக வாய்ப்பு அதிகம். உடைஞ்ச வார்த்தையில அது தடுமாறும், "அவர் கள்"னு உடைஞ்சா அவர், கள் ரெண்டுமே வார்த்தைதானே. இன்னொண்ணு, வீட்டு மருந்து விவரம், யாரோட சொந்த விஷயம் இருக்கற மெசேஜை எடுத்து ஏதோ ஒரு தளத்துல ஒட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க, ஒட்டினது எங்க போகும்னு நமக்குத் தெரியாது.

உடைஞ்ச வார்த்தைக்குத் தமிழே ஒரு நல்ல சோதனை கொடுத்திருக்கு, இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ நேரம் மிச்சமாயிருக்கும். ண, ள, ழ, ற, ன இந்த அஞ்சும் தமிழ் வார்த்தைக்கு முதல் எழுத்தா வராது. ஸ்க்ரீன், ஸ்பேஸ் மாதிரி வெளியிலேருந்து வந்த வார்த்தையைத் தவிர, புள்ளி வைச்ச எழுத்தும் முதல்ல வராது. அதனால ஸ்பேஸுக்கு அடுத்து இதுல ஒண்ணு வந்தா அது அந்த மாதிரி வார்த்தை இல்லன்னா அங்க ஒரு வார்த்தை உடைஞ்சிருக்குன்னு தைரியமா சொல்லலாம். "போகி றேன்", "சொல் றாங்க", "போய் ட்டான்" எல்லாம் இதுலயே மாட்டிக்கும். சின்ன மெசேஜுக்கு கண்ணு போதும், பல பக்கம் பேசிப் பதிஞ்ச எழுத்துன்னா ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல, அதாவது எந்த மாதிரி எழுத்து வரணும்னு குறியால சொல்லித் தேடற வசதி இருக்கற எடிட்டர்ல இதைப் போட்டுத் தேடுங்க:

```
\s([ணளழறன]|[க-ஹ]்)
```

ஒவ்வொண்ணா காட்டும், ஸ்க்ரீன் மாதிரி வார்த்தையை விட்டுட்டு மத்ததுல ஸ்பேஸை எடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். ஆனா "எல்லாத்தையும் மாத்து" பொத்தானை அமுக்காதீங்க, முக்கியமா வழியை வலியா மாத்தற மாதிரி வார்த்தை மாத்தறதுல. அமுக்கினா "வழியனுப்பினோம்" எல்லாம் "வலியனுப்பினோம்"னு ஆகி நிக்கும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு, "குறைய ல"வை இது பிடிக்காது, லட்டு, லாபம்னு வெளியிலேருந்து வந்த வார்த்தைக்கு ல முதல்ல வரலாமே. அதுக்கு தனியா நிக்கற ஒத்தை எழுத்தைத் தேடணும், ரெண்டு பக்கமும் ஸ்பேஸோட ஒரு ல இருந்தா அது வரல, போகல, குறையல மாதிரி ஏதோ ஒரு வார்த்தையோட வால்தான்.

தப்பா ஒட்டிக்கிட்டதுக்கு இப்படி ஒரு எழுத்துச் சோதனை கிடையாது, அங்க அர்த்தம்தான் பார்க்கணும். பெரும்பாலும் ஒட்டினாலும் பிரிச்சாலும் புரிஞ்சிடும், அர்த்தம் மாறற இடம் கொஞ்சம்தான், ஆனா அந்தக் கொஞ்சம் பலமா அடிக்கும். ஒரு வேளைன்னா ஒரு பொழுது, ஒருவேளைன்னா இருக்கலாம் இல்லாமலும் போகலாம், போதாக்குறைக்கு ள மாறினா ஒரு வேலை, மூணும் மூணு திசை. "கடை பிடிச்சான்"னா வாடகைக்கு ஒரு கடை பார்த்தான், "கடைப்பிடிச்சான்"னா சொன்னபடி நடந்தான். "அங்க வந்து விட்டேன்"னு பிரிச்சா யாரையோ கொண்டுவந்து விட்டதாவும் படிக்கலாம், "வந்துவிட்டேன்"னா வந்து சேர்ந்தாச்சு.

நாலாவது வழி, தப்பு வராம பேசறது. இதுல ரெண்டு விதம் பண்ணிப் பார்த்தேன். ஒண்ணு, பேச்சுத்தமிழை விட்டு எழுத்துத்தமிழ்ல பேசறது, "குறையல"ன்னு சொல்லாம "குறையவில்லை"ன்னு சொல்றது. உடையற தப்பு கண்ணுக்குத் தெரியற அளவுக்கு குறைஞ்சுது, ஏன்னா குறையவில்லைங்கறது முழு வார்த்தையா அதுக்குப் பழகின வார்த்தை, குறையலங்கறது ஊருக்கு ஊர் மாறற வார்த்தை. ஆனா அக்காகிட்ட போய் "வலி இன்னும் குறையவில்லை"ன்னு அனுப்பினா என்னவோ செய்தி வாசிக்கற மாதிரி இருக்கும். அலுவலக மெயிலுக்கு இது நல்ல வழி, வீட்டுக்கு மனசு வரல. எழுத்துத் தப்புக்கும் இது உதவாது, எந்தத் தமிழ்ல பேசினாலும் அறை அறைதான்.

இன்னொரு விதம், ஜோடி இருக்கற வார்த்தையையே விட்டுட்டு ஜோடி இல்லாத வார்த்தையா சொல்றது. எல்லா வழியிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். அறைன்னு சொல்லாம ரூம்னு சொன்னா அரையா மாற வழியே இல்ல. வேளைன்னு சொல்லாம தடவைன்னு சொன்னா ஒட்டறதுக்கும் பயம் இல்ல, வேலையா மாறுங்கற பயமும் இல்ல. "வர்ற வழியில"ங்கறதுக்கு "வரும்போது" போதும். வலிக்கு மட்டும் நல்ல மாத்து கிடைக்கல, அங்க கண்ணைத்தான் நம்பணும். இது எல்லா இடத்துக்கும் ஒத்துவராது, நல்ல வார்த்தையைப் பயந்து பயந்து விட்டுக்கிட்டே போனா நாம எழுதற தமிழே சுருங்கிப்போகும், அது எனக்குப் பிடிக்காது. அதனால மருந்து, நேரம், எண்ணிக்கை, யார் எங்க வரணும்ங்கற மாதிரி தப்பாப்போனா யாருக்காவது பாதிப்பு வர்ற வரியில மட்டும் இதைப் பண்றேன். அந்த மாதிரி வரியில எண்ணையும் வார்த்தையா விடமாட்டேன், முந்நூறுன்னு சொல்லி முன்னூறுன்னு விழறதைவிட 300ன்னு போட்டுடறது மேல். அரை மாத்திரைன்னு சொல்றதுக்கு பதிலா பாதி மாத்திரைன்னு சொல்லிடறேன்.

அப்போ எதை எப்போன்னு கேட்டா, நாலு வரி வீட்டு மெசேஜுக்கு கண்ணை வைச்சு கையால திருத்தறதுதான் என் முடிவு, அதுல ஆபத்தான வரி இருந்தா அந்த வரியை மட்டும் ஜோடி இல்லாத வார்த்தையா மாத்திப் பேசிடுங்க. வாக்கியமே குழம்பி விழுந்தா அழிச்சுட்டு துணை வார்த்தையோட மறுபடி பேசுங்க. நீளமான, எழுத்துத்தமிழ் விஷயத்துக்கு முதல்ல மேல சொன்ன தேடல், அப்புறம் செக்கர், கடைசியா ஜோடி வார்த்தைக்குக் கண்ணுன்னு இந்த வரிசையில போங்க. வரிசையை மாத்தி முதல்லயே செக்கர்ல போட்டா உடைஞ்ச துண்டுக்கெல்லாம் அது வேற ஏதோ வார்த்தையை சிபாரிசு பண்ணும், நீங்க அதை ஏத்துக்கிட்டா உடைஞ்ச இடத்தை அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

அக்காவுக்கு இப்போ அதே விஷயத்தை அனுப்பறதுன்னா இப்படித்தான் பேசுவேன்: "அக்கா, அப்பாவுக்கு கால்ல வலி இன்னும் குறையல. டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு, ஒரு நாளைக்கு 1 தடவை மட்டும் போதும். நீ வரும்போது வாங்கிட்டு வந்துடு. ரூம் சாவி கதவுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு." இதை அனுப்பறதுக்கு முன்னாடி நான் கண்ணை நிறுத்திப் பார்க்கவேண்டிய ஜோடி வார்த்தை ஒண்ணே ஒண்ணு, வலி.